ஃபாக் லேம்ப் வயரால்தான் தீ என்றால் க்ளெய்ம் போய்விடுமா? (கோத்தகிரி)

கட்டபெட்டுக்காரன் | நவம்பர் 10, 2024

மாமனாரின் கார் எரிந்துவிட்டது. பெட்ரோல் ஹேட்ச்பேக், 1200 சிசி, ஃபுல் கவர் பாலிசி, ஐ.டி.வி., அதாவது பாலிசியில் போட்டிருக்கும் வண்டியின் மதிப்பு, 4,20,000. காலையில் பனிமூட்டத்தில் தேயிலை ஃபேக்டரி வரை போய்த் திரும்பி, வீட்டு முன்னால் நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். அரை மணி நேரம் இருக்கும், பக்கத்து வீட்டு அக்கா சத்தம் போட்டார். பானெட் இடுக்கில் கறுப்புப் புகை. கோத்தகிரி தீயணைப்பு வண்டி வருவதற்குள் முன்பக்கம் முழுக்கப் போய்விட்டது, டேஷ்போர்டு பாதி.

தீயணைப்புத் துறை ரிப்போர்ட்டில் "மின்கசிவு காரணமாக இருக்கலாம்" என்று ஒரு வரி. போலீஸில் சி.எஸ்.ஆர். வாங்கியாயிற்று.

கவலை இதுதான். மூடுபனிக்காகப் போன வருடம் கீழே ஒரு கடையில் ஃபாக் லேம்ப் மாட்டியிருந்தார். கம்பெனி ஃபிட்டிங் இல்லை. பாலிசியிலும் எழுதவில்லை. சர்வேயர் நாளை மறுநாள் வருகிறார். நான் சொல்வது என்னவென்றால், ஃபாக் லேம்ப் இருந்தது என்பதும் ஃபாக் லேம்பால் தீப்பிடித்தது என்பதும் வேறு வேறு. அதை அவர்கள் நிரூபிக்க வேண்டாமா?

கூடலூர் தம்பி | நவம்பர் 10

அண்ணா, வெளி ஃபிட்டிங் இருந்தால் க்ளெய்ம் கிடையாது. எங்கள் ஏஜென்ட் தெளிவாகச் சொன்னார். வயரை வெட்டினால் வாரன்டி போச்சு, இன்ஷூரன்ஸும் போச்சு.

கோவை சர்வேயர் (ஓய்வு) | நவம்பர் 10

வாரன்டி கார் கம்பெனி கொடுப்பது, இன்ஷூரன்ஸ் வேறு ஒப்பந்தம். ஒன்று போனதால் மற்றது போகாது. பாலிசியின் முதல் பிரிவை எடுத்துப் பாருங்கள். தீ, வெடிப்பு, தானாகத் தீப்பற்றுதல், மின்னல் என்று வரிசையாக இருக்கும். தானாகத் தீப்பற்றுவதையே பெயர் சொல்லி ஏற்றிருக்கிறார்கள்.

இப்போதைக்கு ஒன்றே ஒன்று. வண்டியை யாரும் தொடக் கூடாது. மழை பெய்தால் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். எரிந்த வயரை ஆர்வமாக இழுத்துப் பார்க்கும் சொந்தக்காரர்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். சாட்சி சொல்லப்போவது அந்த வயர்தான்.

கட்டபெட்டுக்காரன் | நவம்பர் 10, இரவு

தார்ப்பாய் போட்டாயிற்று. மாமனார் பேட்டரியைக் கழற்றி வைக்கலாமா என்று கேட்கிறார்.

கோவை சர்வேயர் (ஓய்வு) | நவம்பர் 10, இரவு

பேட்டரி டெர்மினலில் இப்போது எந்தெந்த வயர் மாட்டியிருக்கிறது என்பதே ஒரு தடயம். முதலில் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். பிறகு நெகட்டிவ் முனையை மட்டும் கழற்றி அப்படியே விடுங்கள். பாசிட்டிவைத் தொட வேண்டாம்.

கொடை டாக்சி | நவம்பர் 11

எனக்கும் இப்படித்தான் ஆயிற்று சார். கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டு இறங்கும்போது முன் சக்கரத்தில் புகை. பிரேக் காய்ந்து, வீல் கவர் உருகிவிட்டது. செகண்ட் கியரில் இறங்கச் சொன்னால் பசங்க கேட்பதில்லை. உங்கள் மாமனார் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினாரா?

கட்டபெட்டுக்காரன் | நவம்பர் 11

அவர் ஓட்டிய பாதையில் பெரிய இறக்கம் இல்லை. நான்கு டயரும் நன்றாக இருக்கின்றன, வலது முன் டயரின் மேல்பக்கம் மட்டும் வெந்திருக்கிறது. தீ மேலிருந்து கீழே வந்திருக்கிறது. சக்கரத்தில் தொடங்கியிருந்தால் டயர்தான் முதலில் போயிருக்கும். ஆனால் நீங்கள் கேட்டதும் ஒன்று தோன்றியது. பிரேக் ஆயில் டப்பா வலது பின் மூலையில்தான் இருந்தது. இப்போது அந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

கட்டபெட்டுக்காரன் | நவம்பர் 12, இரவு

சர்வேயர் வந்தார். கூடவே தீ விபத்தை மட்டும் பார்க்கிற ஒரு விசாரணை ஆள். இவர்தான் முக்கால்வாசி நேரம் பேசினார். அவர் பார்த்த முறையை எழுதிவைக்கிறேன், மற்றவர்களுக்கு உதவும்.

வயரைத் தொடுவதற்கு முன்னால் வண்டியைச் சுற்றி நடந்தார். பானெட்டின் வெளிப்புறத்தில் பெயின்ட் எங்கே வெறும் தகடாகிவிட்டது, எங்கே கொப்பளம் மட்டும், எங்கே நிறம் மட்டும் மாறியது என்று பார்த்தார். வலது பின் மூலை, அதாவது டிரைவருக்கு நேர் முன்னால், வெள்ளையாக வெந்திருந்தது. இடது முன் மூலையில் பேட்டரியின் பிளாஸ்டிக்கே ஒரு பக்கம்தான் உருகியிருந்தது. ஆக, பேட்டரியில் தொடங்கவில்லை என்பது அங்கேயே முடிவானது.

அடுத்து மாமனாரிடம் சாவி எங்கே இருந்தது, எந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்று கேட்டார். சாவி எடுத்த பிறகும் எந்த வயரில் கரன்ட் இருக்கும் என்று ஒரு தாளில் வரைந்தார். ஸ்டார்ட்டர் வயர், ஆல்டர்னேட்டர் வயர், கம்பெனி மெயின் வயர், அப்புறம் ஃபாக் லேம்புக்குப் பேட்டரியில் இருந்து நேராக இழுத்த வயர். சுவிட்ச் ஆஃப் என்றாலும் ரிலே வரை கரன்ட் நிற்கும். தீ வண்டி நின்ற பிறகு வந்ததால் இந்த நாலைத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

ஃபாக் லேம்ப் வயர் போன பாதை இது. இடது முன்பக்கத்தில் பேட்டரி, அங்கிருந்து பின்னால் போய், இன்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் உள்ள தகட்டின் மேல் விளிம்பு வழியாக வலது பக்கம் வந்து, அங்கிருந்து முன்னால் ஹெட்லைட் பக்கம் இருக்கும் ரிலேக்கு. ஃபியூஸ் ரிலேக்குப் பக்கத்தில்! அந்த மூலை அவ்வளவாக வேகவில்லை. ஃபியூஸைக் கையில் எடுத்துக் காட்டினார். நீல நிற 15 ஆம்பியர், பிளாஸ்டிக் லேசாக வளைந்திருக்கிறது, உள்ளே இருக்கும் பட்டை அறுபடவே இல்லை.

மாமனார் உடனே, "ஃபியூஸ் போகலையே, அப்ப ஃபாக் லேம்ப் காரணம் இல்லைதானே?" என்றார். அந்த ஆள் தலையை ஆட்டினார். ஆமாம் என்று ஆட்டினாரா, இல்லை என்றா, தெரியவில்லை.

காரமடை வயரிங் | நவம்பர் 13

அது இல்லை என்று ஆட்டினதுதாங்க. நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன், இதே வேலை. ஃபியூஸ் தனக்குப் பின்னால் போகிற வயரைத்தான் காப்பாற்றும். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் இருக்கிற வயர் பாடியில் பட்டால் ஃபியூஸுக்குச் சேதியே போகாது. பேட்டரி சில நூறு ஆம்பியர் கொடுக்கும், வயர் பழுக்கும், பி.வி.சி. எரியும், ஃபியூஸ் புதுசு மாதிரி இருக்கும். அதனால்தான் பேட்டரியில் இருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் போடு என்று பசங்களுக்குச் சொல்வேன். ரிலே பக்கத்தில் போட்டால் வேலை சுலபம், வயர் மிச்சம். அதற்காகப் போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. ஷார்ட் ஆனால்தான் தீ என்று எல்லோரும் நினைக்கிறார்கள். முறுக்கி டேப் சுற்றின ஜாயின்ட் தளர்ந்துபோனாலும் தீப்பிடிக்கும். இரண்டு 55 வாட் பல்புக்குச் சுமார் 9 ஆம்பியர் ஓடும். அந்த ஜாயின்ட் கால் ஓம் எடுத்துக்கொண்டால் அந்த ஒரு இடத்தில் 20 வாட் சூடு, சின்ன சால்டரிங் அயர்ன் மாதிரி. கரன்ட் அதிகமாகாததால் ஃபியூஸ் போகவே போகாது. ஆனால் இது விளக்கு எரியும்போதுதான் நடக்கும். வண்டி நின்று அரை மணி நேரம் ஆனதால் உங்கள் கேஸ் இது இல்லை என்று நினைக்கிறேன்.

கூடலூர் தம்பி | நவம்பர் 13

தீ என்ன காரணத்தால் வந்தாலும் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2023-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. வாட்ஸ்அப்பில் வந்தது. முன்னால் சொன்னதை விடுங்கள் அண்ணா, கண்டிப்பாகக் கிடைக்கும்.

கோவை சர்வேயர் (ஓய்வு) | நவம்பர் 13

தம்பி முதலில் ஒரு கோடிக்கும் இப்போது மறுகோடிக்கும் போய்விட்டார். நீங்கள் சொல்வது நியூ இந்தியா அஷ்யூரன்ஸுக்கும் முதித் ரோட்வேஸுக்கும் நடந்த வழக்கு. அது கிடங்குத் தீ, கார் பாலிசி இல்லை. பாலிசிதாரரே வைத்த தீயாக இல்லாதவரை, ஷார்ட் சர்க்யூட்டா வேறு எதுவா என்பது பெரிதில்லை என்ற கருத்து அதில் உண்டு. நமக்கும் உதவும். ஆனால் கார் பாலிசியில் வண்டியை நல்ல நிலையில் வைத்துப் பாதுகாக்க நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை தனியாக இருக்கிறது. கம்பெனி அதைத்தான் பிடிக்கும். இன்னொரு விலக்கும் காட்டுவார்கள்: மின் பழுது. அதைப் பற்றி லெட்டர் வந்ததும் பேசலாம்.

கட்டபெட்டுக்காரன் | நவம்பர் 19

விசாரணை ஆள் மறுபடி வந்து அந்த வலது மூலையைப் பிரித்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். தகட்டின் விளிம்பில் அரிசி அளவுக்கு ஒரு குழி, அதில் செம்பு ஒட்டிப் பளபளத்தது. அதற்கு நேராக இருந்த வயரின் நுனியில் உருண்டையாக ஒரு மணி. மணி முடிகிற இடத்துக்கு அடுத்தே கம்பி இழை இழையாக, உருகாமல். தீயின் வெப்பத்தில் மட்டும் உருகினால் இப்படி வெட்டினாற்போல் நிற்காது, மெழுகுபோல் நீளமாக வழியும் என்றார். செம்பு உருக ஆயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதால் அந்த இடத்தில் பொறி பறந்தது உறுதி என்றும் சொன்னார்.

இன்னொன்றும் காட்டினார். இடது பக்கம், தீ போகாத இடத்தில், அதே வயர் அதே மாதிரி விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. உறை கிடையாது, ரப்பர் வளையம் கிடையாது. மேல் தோல் பாதிவரை தேய்ந்து உள்ளே செம்பு மங்கலாகத் தெரிகிறது. இரண்டையும் போட்டோ எடுத்தேன். மாமனார் ஒன்றும் பேசவில்லை.

காரமடை வயரிங் | நவம்பர் 19

இடது பக்கத் தேய்மானம்தான் பெரிய தடயம். மணியைப் பார்த்தால் எனக்கு வேறு மாதிரியும் தோன்றும். வேறு எங்கோ தீப்பிடித்து, அது இந்த வயரின் தோலை உருக்கி, அப்புறம் செம்பு தகட்டில் பட்டாலும் இதே மணி, இதே குழிதான் வரும். கரன்ட் இருந்தது என்பதை மணி சொல்லும். முதலா இரண்டாவதா என்று சொல்லாது.

கோவை சர்வேயர் (ஓய்வு) | நவம்பர் 20

காரமடைக்காரர் சொன்னது சரி. மணியை மட்டும் காட்டி "இதுதான் காரணம்" என்று எழுதிய ரிப்போர்ட்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அவற்றை நான் ஏற்றதில்லை. இரண்டு கேள்வி கேளுங்கள். அதே மூலையில் போகும் கம்பெனி வயர்களில் மணி இருக்கிறதா? கம்பெனி மெயின் ஃபியூஸ் போயிருக்கிறதா? வெளி வயரில் மட்டும் மணி இருந்து, மெயின் ஃபியூஸும் முழுசாக இருந்தால், வெளி வயர் முந்திக்கொண்டது என்ற பேச்சு வலுக்கும்.

ஒரே வயரில் இரண்டு மூன்று மணி இருந்தால் பேட்டரியில் இருந்து அதிக தூரத்தில் இருக்கும் மணிதான் பொதுவாக முந்தியது. பேட்டரிப் பக்கம் முதலில் அறுந்திருந்தால் அதற்கு அப்பால் கரன்ட் போயிருக்காது, அங்கே மணியும் வந்திருக்காது.

பிரேக் ஆயில் டப்பாவையும் கேளுங்கள். பிரேக் ஆயில் எரியும். டப்பா உருகிக் கொட்டினால் அந்த மூலை மற்ற இடத்தைவிட அதிகமாக வேகும். அதிகமாக வெந்த இடம் எல்லாம் தொடங்கிய இடம் ஆகிவிடாது.

கட்டபெட்டுக்காரன் | நவம்பர் 23

கேட்டேன். ஃபாக் லேம்ப் வயரில் ஒரே மணிதான். கம்பெனி வயர் ஒன்றிலும் மணி இருக்கிறது, மெயின் ஃபியூஸ் போயிருக்கிறது. பிரேக் ஆயில் பற்றிக் கேட்டதற்கு "நோட் பண்ணிக்கறேன்" என்றார். அவ்வளவுதான்.

கொடை டாக்சி | நவம்பர் 24

எலி கடித்திருக்காதா? எங்கள் ஊரில் குளிருக்கு இன்ஜின் சூட்டில் வந்து படுக்கும்.

கட்டபெட்டுக்காரன் | நவம்பர் 24

புழுக்கை, கூடு எதுவும் இல்லை. ஆனால் எரிந்த மூலையில் எது இருந்திருந்தாலும் மிஞ்சியிருக்காது. அதை யாராலும் இல்லை என்று சொல்ல முடியாது.

கட்டபெட்டுக்காரன் | டிசம்பர் 21

லெட்டர் வந்துவிட்டது. க்ளெய்ம் நிராகரிப்பு. இரண்டு காரணம். ஒன்று, மின் பழுது பாலிசியில் விலக்கப்பட்டது. இரண்டு, அறிவிக்காத மின் சாதனத்தைத் தரமற்ற முறையில் பொருத்தி, வண்டியைப் பாதுகாப்பான நிலையில் வைத்திருக்கவில்லை. சர்வேயர் ரிப்போர்ட்டின் நகலையும் கேட்டு வாங்கினேன். அதில் பிரேக் ஆயில் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கம்பெனி வயரில் இருந்த மணி பற்றியும் இல்லை. கோபம் வருகிறது. நேரில் காட்டினார்கள், பேசினார்கள், எழுதும்போது விட்டுவிட்டார்கள்.

கோவை சர்வேயர் (ஓய்வு) | டிசம்பர் 22

கோபத்தை எழுத்தில் போடுங்கள், உங்களிடம் போட்டோ இருக்கிறது. சர்வேயர் ரிப்போர்ட் கடைசி வார்த்தை இல்லை என்று சுப்ரீம் கோர்ட் 2009-இலேயே பிரதீப் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது.

முதல் காரணம் நிற்காது. மின் பழுது விலக்கு என்றால் பழுதான பொருளின் விலை. ஆல்டர்னேட்டர் தானாகக் கெட்டால் கொடுக்க மாட்டார்கள், அந்த ஃபாக் லேம்ப் வயருக்கும் கொடுக்க வேண்டாம். ஆனால் அதில் இருந்து தீ பிறந்துவிட்டால் அது தீ, பாலிசியில் பெயர் சொல்லி ஏற்ற ஆபத்து. விலக்கு பொருந்தும் என்று நிரூபிப்பதும் அவர்கள் வேலை.

இரண்டாவதில் பாதி உண்மை இருக்கிறது. வெளி மின் சாதனத்துக்கு ஐ.எம்.டி. 24 என்று ஒரு எண்டார்ஸ்மென்ட் உண்டு, சாதன விலையில் 4 சதவீதம் பிரீமியம். உங்கள் ஃபாக் லேம்ப் 3,500 ரூபாய் என்றால் 140 ரூபாய். அதைக் கட்டாததால் ஃபாக் லேம்புக்குப் பணம் வராது. கார் முழுவதற்கும் கவர் போய்விட்டது என்று அதில் எங்கும் இல்லை. பதிவுச் சான்றிதழில் ஏற்றாத கேஸ் கிட்டாக இருந்தால் நான் இவ்வளவு தைரியமாகச் சொல்ல மாட்டேன், இது விளக்கு.

"நியாயமான நடவடிக்கை" என்ற நிபந்தனைதான் சண்டை. தகட்டின் பின்னால் வயர் தேய்கிறது என்று மாமனாருக்கு எப்படித் தெரியும்? கடைக்காரர் வேலையை நம்பியது அலட்சியமா?

காரமடை வயரிங் | டிசம்பர் 22

விளக்கு மங்கியது, ஃபியூஸ் அடிக்கடி போனது, கருகின வாசனை வந்தது, இப்படி ஏதாவது முன்னாலேயே இருந்ததா? இருந்து ஓட்டினால்தான் அலட்சியம். வேலை செய்தவன் தப்புக்கு ஓனரைப் பிடிக்கக் கூடாதுங்க. எங்கள் தொழில்காரனே செய்த தப்புதான், சொல்ல வருத்தமாக இருக்கிறது. பத்து ரூபாய் உறை, ஐந்து ரூபாய் ரப்பர்.

கட்டபெட்டுக்காரன் | டிசம்பர் 23

எதுவும் இருக்கவில்லை. செப்டம்பரில் கம்பெனி சர்வீஸில் விட்ட பில் இருக்கிறது. அவர்களும் ஃபாக் லேம்பைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. இதையும் சேர்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கு எழுதுகிறேன்.

கட்டபெட்டுக்காரன் | ஜனவரி 30, 2025

பதில் வந்தது. நிராகரிப்பை எடுத்துவிட்டார்கள். இப்போது "நான்-ஸ்டாண்டர்டு" என்று 75 சதவீதம் தருகிறார்களாம். கணக்கு இப்படி. ரிப்பேர் எஸ்டிமேட் 3,60,000, ஐ.டி.வி.-யில் 75 சதவீதமான 3,15,000-ஐத் தாண்டிவிட்டதால் மொத்த இழப்பு. ஐ.டி.வி.-யில் இருந்து எரிந்த வண்டியின் விலை 60,000, கட்டாயக் கழிவு 1,000 போக 3,59,000. அதில் 75 சதவீதம் 2,69,250. நமக்கு 89,750 குறைகிறது. கூடவே "முழுத் தீர்வாக ஏற்கிறேன்" என்று ஒரு தாளில் கையெழுத்து.

கூடலூர் தம்பி | ஜனவரி 30

வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணா. பூஜ்யத்தில் இருந்து இவ்வளவு வந்ததே பெரிது.

கோவை சர்வேயர் (ஓய்வு) | ஜனவரி 31

தம்பி சொல்வதைத் தள்ள மாட்டேன், வயதானவருக்கு உடனே பணம் தேவை என்றால் அதுவும் ஒரு முடிவுதான். ஆனால் இந்த 75 சதவீதம், அமலேந்து சாஹு வழக்கில் 2010-இல் சொன்னதுபோல, பாலிசி நிபந்தனை மீறப்பட்டால்தான். மீறல் என்ன என்று லெட்டரில் எழுதியிருக்கிறார்களா? எழுதவில்லை என்றால் கேளுங்கள்.

ஒத்துக்கொள்ளாவிட்டால் சென்னையில் இன்ஷூரன்ஸ் ஓம்புட்ஸ்மன். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், கம்பெனி கடைசியாக மறுத்த நாளில் இருந்து ஒரு வருடம். அவர் தரும் தீர்ப்பு கம்பெனியைக் கட்டும், உங்களைக் கட்டாது. ஊட்டியில் நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது, அதற்கு இரண்டு வருடம். அங்கே வழக்குப் போட்டுவிட்டால் ஓம்புட்ஸ்மன் எடுக்க மாட்டார், அதனால் வரிசை முக்கியம்.

காரமடை வயரிங் | ஜனவரி 31

பணம் கொடுத்த பிறகு கம்பெனி அந்த ஃபாக் லேம்ப் கடையைப் பிடிக்குமா?

கோவை சர்வேயர் (ஓய்வு) | ஜனவரி 31

பிடிக்கலாம். பணம் கொடுத்ததும் மாமனாரின் உரிமை கம்பெனிக்குப் போகும், அதற்கும் ஒரு கையெழுத்து வாங்குவார்கள். சின்னக் கடை, சின்னத் தொகை என்றால் பெரும்பாலும் போக மாட்டார்கள். பில் இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

கட்டபெட்டுக்காரன் | பிப்ரவரி 8

மீறல் என்ன என்று கேட்டதற்கு "வெளி மின் சாதனம்" என்றுதான் மறுபடி எழுதுகிறார்கள். தேய்ந்த வயர்தான் முதலில் தீ வைத்தது என்று என் மனதுக்கும் படுகிறது, அந்த இடது பக்கத்துத் தோலைப் பார்த்த பிறகு வேறு மாதிரி நினைக்க முடியவில்லை. கம்பெனி வயர் மணியும் பிரேக் ஆயிலும் இருப்பதால் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அது ஃபாக் லேம்பாகவே இருக்கட்டும், 89,750 ரூபாயைக் கழிக்க அது காரணமாகாது. மாமனாரும் இதையே சொல்கிறார். ஓம்புட்ஸ்மனுக்கு எழுதுகிறோம்.

வண்டி இன்னும் வாசலில் நிற்கிறது. பழைய வண்டி எடுக்கும் ஆள் 60,000-க்கு இப்போதே எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

கோவை சர்வேயர் (ஓய்வு) | பிப்ரவரி 8

கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் கொடுக்காதீர்கள். கொடுத்தாலும் அந்த வயர் முழுவதும், ஃபியூஸ் ஹோல்டர், குழி இருக்கும் தகட்டுத் துண்டு மூன்றையும் முதலில் வெட்டி எடுத்து, சர்வேயர் முன்னிலையில் கவரில் போட்டு, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வையுங்கள். இடது பக்கத் தேய்மானம் போட்டோவில் தெளிவாகத் தெரியாது.

கட்டபெட்டுக்காரன் | பிப்ரவரி 11

சம்மதம் கேட்டு மெயில் போட்டிருக்கிறேன். சர்வேயர் வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். காரமடைக்காரரே, தகட்டை வெட்ட ஒரு ஆள் வேண்டும், அன்றைக்கு மேலே வர முடியுமா?

காரமடை வயரிங் | பிப்ரவரி 11

வர்றேங்க. கிரைண்டர் வேண்டாம், பொறி பட்டு மணி கெட்டுப்போகும். கை ரம்பம் எடுத்து வர்றேன்.